காம்பஸ் முள்ளு வடக்க எப்படி கண்டுபிடிக்குது, பூமி ஏன் காந்தமா இருக்கு: வீட்டுலயே செஞ்சு பாத்து புரிஞ்சுக்க முழு வழிகாட்டி

அக்கா வீடு கட்டுறப்போ நிலைவாசல் வைக்கிற அன்னிக்கு நடந்தது இது. அத்தான் செல்லுல காம்பஸ் ஆப்ப தொறந்து ஹால் நடுவுல நின்னு வடக்கு எதுன்னு பாத்தாங்க, வாசல்கிட்ட வந்து பாத்தா முள்ளு வேற பக்கம் காட்டுது, கிட்டத்தட்ட 15 டிகிரி வித்தியாசம். என் செல்ல எடுத்து பாத்தேன், அது மூணாவதா ஒரு பதில் சொல்லுது. கயித்த பிடிச்சுட்டு நின்ன கொத்தனார் சொன்னார், "அண்ணாச்சி, கம்பி கட்டுன தூணுக்கு பக்கத்துல நின்னா செல்லு தப்பாத்தான் காட்டும், வெளிய காலி எடத்துக்கு வாங்க". வெளிய போய் பாத்தா ரெண்டு செல்லும் ஒரே திசைய காட்டுச்சு.

அன்னிக்கு ராத்திரியே இத முழுசா புரிஞ்சுக்கணும்னு உக்காந்தேன், அதுக்கப்புறம் நானே செஞ்சு பாத்ததையும் படிச்சு தெரிஞ்சுக்கிட்டதையும் வரிசையா எழுதுறேன். ஒரே ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் அதுலருந்தே வந்துடும்: காம்பஸ் முள்ளுக்கு வட துருவம்னு ஒரு எடம் இருக்குறதே தெரியாது. அது இருக்குற எடத்துல, அந்த ஒரு புள்ளியில, காந்தப்புலம் எந்தப் பக்கமா ஓடுதோ அந்தப் பக்கமா திரும்பி நிக்கும், அவ்வளவுதான். அந்தப் புலத்துல பூமியோட பங்கும் இருக்கும், தூண் கம்பியோட பங்கும் இருக்கும், செல்லோட ஸ்பீக்கர் காந்தமும் இருக்கும். எது யாரோடதுன்னு பிரிச்சுப் பாக்க முள்ளுக்குத் தெரியாது.

ஸ்டெப் 1: ஊசியில ஒரு காம்பஸ் செய்யுங்க

கடையில வாங்குன காம்பஸ் இருந்தாலும் இத ஒரு தடவ செஞ்சுடுங்க, அப்பத்தான் அடுத்து சொல்றது கையில பிடிபடும். தையல் ஊசி ஒண்ணு, பழைய ரேடியோ இல்ல டிவி ஸ்பீக்கர்லருந்து கழட்டுன வட்ட காந்தம், பிளாஸ்டிக் இல்ல பீங்கான் கிண்ணம், தண்ணி, ஒரு சின்ன துண்டு தெர்மோகோல். எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், சில எவர்சில்வர்ல காந்தம் லேசா ஒட்டும், அப்புறம் ஊசி கிண்ணத்த பாத்து திரும்புதா வடக்க பாத்து திரும்புதான்னே தெரியாது.

ஊசிய மேசையில வச்சு காந்தத்தோட ஒரே முகத்த ஊசியோட காதுலருந்து கூர்முனை வரைக்கும் தேய்க்கணும், முனைக்கு வந்ததும் காந்தத்த நல்லா மேல தூக்கி சுத்திக் கொண்டுவந்து மறுபடியும் காதுலருந்து ஆரம்பிக்கணும், இப்படி ஒரு 40 தடவ. முன்னயும் பின்னயும் தேய்ச்சா ஒரு தடவ செஞ்சத அடுத்த தடவ அழிச்சுருவோம். ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற அந்த ரப்பர் மாதிரி வளையற ஸ்டிக்கர் காந்தத்துல முயற்சி பண்ணி நான் ஒரு அரை மணி நேரம் வீணாக்குனேன், ஏன்னா அதுல வடக்கும் தெற்கும் கோடு கோடா மாத்தி மாத்தி இருக்கும், ஒரு கோடு திருப்புறத அடுத்த கோடு கலைச்சுரும். ஸ்பீக்கர் காந்தத்துல ஒரு தட்டை முகம் முழுக்க ஒரே துருவம், அதனால அது சரியா வரும்.

தெர்மோகோல்ல ஊசிய படுக்க வச்சு தண்ணியில மிதக்க விடுங்க. ஃபேன ஆஃப் பண்ணிடுங்க. இன்னொண்ணு, கிண்ணத்துல தண்ணிய பாதி ஊத்துனா தெர்மோகோல் நகந்து நகந்து போய் ஓரத்துல ஒட்டிக்கும், அதனால விளிம்பு வரைக்கும், தண்ணி லேசா மேல உப்பி நிக்கிற அளவுக்கு ஊத்துங்க, அப்போ அது நடுவுலயே நிக்கும். இப்ப பாத்தீங்கன்னா ஊசி மெதுவா திரும்பி, கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்து, ஆடி ஆடி நின்னுரும். கையால திருப்பி விட்டாலும் மறுபடியும் அதே கோட்டுக்கு வந்துரும். எந்த முனை வடக்குன்னு தெரிய காலையில சூரியன் வலது கைப்பக்கம் இருக்குற மாதிரி நில்லுங்க, மூஞ்சி பாக்குற பக்கம் வடக்கு, அந்த முனையில கொஞ்சம் நெயில் பாலிஷ் தடவிடுங்க.

உள்ள என்ன நடந்துச்சுன்னா, இரும்புல கண்ணுக்குத் தெரியாத சின்ன சின்ன பகுதிகள் இருக்கு, ஒவ்வொண்ணும் தனித்தனியா ஒரு காந்தம். தேய்க்காத ஊசியில அதுங்க ஆளுக்கொரு திசையில நிக்கிறதால மொத்தமா பாத்தா ஒண்ணுமில்ல. தேய்ச்சு தேய்ச்சு நாம பெரும்பாலானத ஒரே பக்கமா திருப்பி விட்டோம், எஃகு கெட்டியா இருக்குறதால அதுங்க அப்படியே நின்னுக்கிச்சு.

ஸ்டெப் 2: ஊசி திரும்புது, ஆனா நகரல, இத நல்லா கவனிங்க

பலபேர் தாண்டிப் போற எடம் இதுதான். வட துருவம் ஊசிய இழுக்குதுன்னா மிதக்குற தெர்மோகோல் மெல்ல மெல்ல கிண்ணத்தோட வடக்கு ஓரத்துக்கு போயிருக்கணும்ல? போகாது. நின்ன எடத்துலயே திரும்பும். இதையே ஸ்பீக்கர் காந்தத்த பக்கத்துல கொண்டுவந்து செஞ்சு பாருங்க, ஊசி திரும்பவும் செய்யும், தெர்மோகோலோட சேந்து காந்தத்த பாத்து வேகமா ஓடியும் வரும்.

ஏன் இந்த வித்தியாசம்னா, பூமியோட புலம் இந்தக் கிண்ணம் முழுக்க ஒரே அளவு, ஒரே திசை. ஊசியோட வடக்கு முனைய எவ்வளவு பலமா வடக்க பாத்து இழுக்குதோ அதே பலத்துல தெற்கு முனைய தெற்க பாத்து தள்ளுது. ரெண்டும் சமம்கிறதால நகர்த்த முடியாது, ரெண்டும் எதிரெதிர் முனையில பிடிச்சிருக்குறதால திருப்ப மட்டும் முடியும், பைப்புல திருகுற வீல ரெண்டு கையாலயும் எதிரெதிரா பிடிச்சு திருப்புற மாதிரி. பக்கத்துல இருக்குற காந்தம் அப்படி இல்ல, கிட்ட இருக்குற முனைக்கு பலமா, தூரத்து முனைக்கு கம்மியா இருக்கும், மிச்சம் இருக்குற பலம் இழுத்துட்டு வந்துரும். லண்டன்ல காம்பஸ் செஞ்சு வித்துட்டு இருந்த ராபர்ட் நார்மன் 1581-லயே இத தண்ணியில மிதக்க விட்டு பாத்து எழுதி வச்சிருக்கார்.

பெயர்ல ஒரு சிக்கல் இருக்கு, அதையும் முடிச்சுருவோம். வடக்க பாக்குற முனைக்கு வடதுருவம்னு பேர் வச்சுட்டோம், எதிர்துருவங்கள்தான் ஈர்க்கும், அப்போ பூமியோட வடபக்கம் இருக்குறது காந்தக் கணக்குப்படி தென்துருவம். பேர்தான் குழப்பம், வேற ஒண்ணும் இல்ல.

ஸ்டெப் 3: காம்பஸ நம்பலாமான்னு மொதல்ல சோதிங்க

செல்லுல முள்ளு கிடையாது, மூணு திசையிலயும் காந்தப்புலத்த அளக்குற ஒரு சின்ன சென்சார் சிப் இருக்கு. சென்சார் அளவ எண்ணா காட்டுற ஆப் நிறைய இலவசமாவே கிடைக்குது, அதுல அளவு µT-ன்னு வரும், மைக்ரோடெஸ்லா. தமிழ்நாட்டுல திறந்த வெளியில நின்னா அந்த எண் 40-ஐ ஒட்டி இருக்கணும். பூமி முழுக்க பாத்தா எடத்துக்கு எடம் சுமார் 25-லருந்து 65 வரைக்கும் மாறும். ஃப்ரிட்ஜ் காந்தத்தோட மேல்பரப்புல இத விட நூறு மடங்கு, அதுக்கும் மேல, அப்படின்னா பூமியோட புலம் எவ்வளவு மெலிசுன்னு பாத்துக்கோங்க.

இப்போ அந்த ஆப்ப தொறந்து வச்சுட்டு வீட்டுக்குள்ள நடங்க. பீரோகிட்ட போனா 70, 80-ன்னு ஏறும், தூண் பக்கத்துல ஒரு எடத்துல 28-க்கு எறங்கும், வாஷிங் மெஷின், கேட்டு, ஜன்னல் கம்பி ஒவ்வொண்ணும் ஒரு எண்ணு காட்டும். எண் 40-ஐ விட்டு ரொம்ப விலகுனா அங்க திசைய நம்பவே நம்பாதீங்க. எண் 40-ஆ இருந்தா மட்டும் போதாது, தற்செயலாவும் வரலாம், அதனால ரெண்டு மூணு அடி தள்ளித் தள்ளி நின்னு பாருங்க, எண்ணும் திசையும் ரெண்டுமே அசையாம இருந்தாத்தான் சரி.

அக்கா வீட்டுல வந்த 15 டிகிரி எங்கருந்து வந்துச்சுன்னு கணக்கு போட்டா ஆச்சரியமே இல்ல. பூமி வடக்க பாத்து 40, தூண் கம்பி கிழக்க பாத்து வெறும் 10 மைக்ரோடெஸ்லான்னு வச்சுக்கோங்க. முள்ளு ரெண்டும் சேந்த திசையில நிக்கும், அது வடக்குலருந்து 14 டிகிரி கிழக்க விலகியிருக்கும். அந்த 10 ரொம்ப சின்ன அளவு, தூணுக்கு பக்கத்துல நின்னா தாராளமா கெடைக்கும்.

செல்ல எட்டு மாதிரி காத்துல சுத்த சொல்லுவாங்கல்ல, அது எதுக்குன்னா, செல்லுக்குள்ளயே இருக்குற ஸ்பீக்கர் காந்தத்தோட பங்க கழிக்கிறதுக்கு. செல்ல எப்படி திருப்புனாலும் அந்தப் பங்கு செல்லோடயே திரும்பும், பூமியோடது திரும்பாது, அத வச்சு சாஃப்ட்வேர் ரெண்டையும் பிரிச்சுரும். தூண் கம்பி செல்லோட சேந்து திரும்பாதுங்கிறதால எத்தன எட்டு போட்டாலும் அத கழிக்க முடியாது. காந்தம் வச்ச ஃபிளிப் கவர கழட்டிட்டு சுத்துங்க.

இந்தப் பிரச்சனை பெரிய ஆட்களுக்கும் வந்திருக்கு. மும்பை கொலாபாவுல 1841-லருந்து பூமியோட காந்தப்புலத்த அளந்துட்டு வந்தாங்க. நகரத்துக்கு மின்சார டிராம் வரப்போகுதுன்னதும் அந்தக் கரண்ட்டு எல்லா அளவையும் கெடுத்துரும்னு 1904-ல அலிபாக்ல புதுசா ஒரு ஆய்வுக்கூடம் கட்டுனாங்க, காந்தம் ஒட்டுற பொருள் எதுவும் சேராம பாத்து பாத்து கட்டுன கட்டடம். பழசுலயும் புதுசுலயும் ரெண்டு வருஷம் ஒண்ணா அளந்து, கணக்கு ஒத்துப்போறத பாத்துட்டுத்தான் 1906-ல கொலாபாவ மூடுனாங்க. அலிபாக்ல இன்னிக்கும் அளந்துட்டு இருக்காங்க.

ஸ்டெப் 4: நிழல வச்சு உண்மையான வடக்க கண்டுபிடிங்க

முள்ளு காட்டுறது காந்த வடக்கு, பூமி சுத்துற அச்சு போற பக்கம் உண்மையான வடக்கு. ரெண்டையும் ஒப்பிடணும்னா காந்தமே இல்லாத ஒரு வழி வேணும், அது வெயில்தான்.

மொட்டைமாடியிலயோ சமமான தரையிலயோ 1 மீட்டர் குச்சிய தூக்குக்குண்டு வச்சு செங்குத்தா நிறுத்துங்க. காலையில ஒரு ஒன்பதரை மணி போல நிழலோட நுனியில ஒரு புள்ளி. குச்சியடியில கயித்த கட்டி அந்தப் புள்ளி வழியா ஒரு வட்டம் போடுங்க. நிழல் சுருங்கி வட்டத்துக்குள்ள போகும், மதியத்துக்கு மேல மறுபடியும் நீண்டு வந்து வட்டத்த தொடும், தொடுற எடத்துல ரெண்டாவது புள்ளி. ரெண்டையும் சேத்தா அது மேற்கு கிழக்கு கோடு, காலையில வச்ச புள்ளிதான் மேற்கு. அதுக்கு குறுக்கா செங்கோணத்துல போட்ட கோடு உண்மையான வடக்கு.

இப்போ ஊசிக் கிண்ணத்த அந்தக் கோட்டு மேல வைங்க. (மாடி கான்கிரீட்டுல கம்பி இருக்கும், அதனால தரைன்னா நல்லது, இல்லன்னா கிண்ணத்த ஒரு மர ஸ்டூல் மேல தூக்கி வைங்க.) நம்ம பக்கம் ரெண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, ஏன்னா தமிழ்நாட்டுல காந்த வடக்கு உண்மையான வடக்குக்கு மேற்கால ஒண்ணுலருந்து ரெண்டு டிகிரிதான் தள்ளியிருக்கு. ஒரு டிகிரின்னா 1 மீட்டர் நீளத்துல வெறும் 1.7 செண்டிமீட்டர், நிழல் நுனி மங்கலா இருக்குற அளவே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். வீட்டுக்கு திசை பாக்குறவங்க இதப் பத்தி கவலப்படவே வேண்டாம். இதே அமெரிக்காவோட மேற்குக் கரைக்கோ நியூசிலாந்துக்கோ போனா பத்து டிகிரிக்கு மேல விலகும், அங்க கழிக்காம நடந்தா ஊரே மாறிடும். ஐஃபோன்ல காம்பஸ் செட்டிங்ஸ்ல `Use True North` இருக்கே, அது இந்த விலகல நீங்க நிக்கிற எடத்துக்கு ஏத்தபடி கணக்கு போட்டு கழிக்கிறதுக்குத்தான்.

ஸ்டெப் 5: முள்ளு கீழ சாயுதான்னு பாருங்க

காந்தப்புலம் தரைக்கு இணையாத்தான் ஓடணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ராபர்ட் நார்மனுக்கு இதுதான் தலைவலியா இருந்துச்சு. முள்ள சரியா நடுவுல சமன் பண்ணி வைப்பார், காந்தமாக்குனதும் வடக்கு முனை கீழ சாயும். அவர் அத அளந்து பாத்தார், லண்டன்ல அது 70 டிகிரிக்கும் மேல. அப்படின்னா லண்டன்ல புலம் வடக்க பாத்து போறத விட தரைக்குள்ள பாத்து போறதுதான் அதிகம்.

நீங்களும் பாக்கலாம். காந்தமாக்காத ஊசிய மெல்லிசான பட்டு நூல்ல நடுவுல கட்டி படுத்த மாதிரி சமமா தொங்கவிடுங்க, முடிச்சுல ஒரு சொட்டு பசை வைங்க, அப்புறம் நூலோடயே காந்தமாக்கிட்டு மறுபடியும் தொங்கவிடுங்க. டெல்லியில இருந்து இத செஞ்சா வடக்கு முனை 40 டிகிரிக்கு மேல கீழ சாயணும், நூல் கொஞ்சம் தடுத்தாலும் சாய்வு கண்ணுக்கு நல்லா தெரியும். சென்னையில சாய்வு அத விட ரொம்பக் கம்மி, கொஞ்சம் பொறுமையா பாக்கணும். எங்க திருநெல்வேலியில கிட்டத்தட்ட படுத்தே நிக்கும், ஏன்னா புலம் தரைக்கு முழுசா இணையா ஓடுற கோடு, காந்த நடுக்கோடுன்னு சொல்லுவாங்க, அது இந்தியாவோட தென்கோடி பக்கமாத்தான் போகுது. அதனாலதான் திருநெல்வேலிக்கு பக்கத்துல கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஒரு ஆய்வுக்கூடம் வச்சிருக்கு. இந்தக் கோட்டுக்கு நேர் மேல, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துல, பகல் நேரத்துல ஒரு பெரிய மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுது, அத கீழருந்து அளக்க இத விட நல்ல எடம் கெடைக்காது.

இதுல நமக்கு ஒரு நேரடி லாபம் இருக்கு. முள்ள பக்கவாட்டுல திருப்புறது புலத்தோட படுத்த பங்கு மட்டும்தான். நம்ம ஊர்ல 40-ல கிட்டத்தட்ட முழுசும் படுத்திருக்கு. லண்டன்ல மொத்தப் புலம் நம்மளோடத விட பலம், ஆனா படுத்த பங்கு சுமார் 20-தான். அதே தூண் கம்பியோட 10 மைக்ரோடெஸ்லா அங்க முள்ள 26 டிகிரிக்கும் மேல திருப்பிரும், இங்க 14-தான். வெளிநாட்டுலருந்து வர காம்பஸ்ல மட்டும் ஒண்ண கவனிங்க, ஐரோப்பாவுக்குன்னு செஞ்சதுல வடக்கு முனை சாயக்கூடாதுன்னு தெற்கு முனையில எடை வச்சிருப்பாங்க, அத இங்க கொண்டுவந்தா தெற்கு முனை கீழ தொங்கி தட்டுல உரசி முள்ளு சிக்கிக்கும். காம்பஸ் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, பெட்டிய லேசா சாய்ச்சு பிடிச்சா திரும்பும்.

மறு எல்லைக்கு போனா காம்பஸே உபயோகமில்லாம போயிரும். 1831 ஜூன் 1 அன்னிக்கு ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவோட வடகோடியில பூத்தியா தீபகற்பத்துல சாய்வு முள்ள வச்சுப் பாத்தார், 89 டிகிரி 59 நிமிஷம், கிட்டத்தட்ட செங்குத்தா தரைய குத்திட்டு நின்னுச்சு. அங்க பக்கவாட்டுல திருப்ப புலமே மிச்சமில்ல. காந்த துருவம்னா முள்ள இழுக்குற மலையோ பாறையோ கிடையாது, புலம் நேரா தரைக்குள்ள எறங்குற எடம்.

இந்த சாய்வ வச்சுத்தான் வில்லியம் கில்பர்ட்ங்கிற லண்டன் டாக்டர் பூமியே காந்தம்னு சொன்னார். காந்தக்கல்ல உருண்டையா கடைஞ்சு அது மேல சின்ன முள்ள நகத்தி நகத்தி பாத்தார், நடுவுல படுத்திருக்கு, மேல போகப்போக சாயுது, முனையில செங்குத்தா நிக்குது, மாலுமிங்க கடல்ல பாத்தது அப்படியே. 1600-ல அத எழுதினார். அதுக்கு முன்னாடி துருவ நட்சத்திரம் இழுக்குது, வடக்க ஒரு காந்த மலை இருக்குதுன்னெல்லாம் நம்பிட்டு இருந்தாங்க.

ஸ்டெப் 6: ஊசிய அடுப்புல காட்டுங்க

இப்போ கில்பர்ட் எங்க தப்பு பண்ணார்னு பாக்கலாம். அவர் பூமி முழுக்க ஒரு பெரிய காந்தக்கல்லுன்னு நெனச்சார். காந்தமாக்குன ஊசிய இடுக்கியில பிடிச்சு கேஸ் அடுப்புத் தீயில நல்லா செவசெவன்னு பழுக்குற வரைக்கும் காட்டுங்க (சின்னப் பசங்க கிட்ட இல்லாம பாத்துக்கோங்க), வெளிய எடுத்து காந்தம் எதுவும் இல்லாத எடத்துல ஆறவிட்டு மிதக்க விடுங்க. முன்ன மாதிரி துள்ளித் திரும்பாது, சோம்பலா கெடக்கும், சில நேரம் எந்தப் பக்கம் வச்சாலும் அப்படியே நிக்கும். இரும்புக்கு 770 டிகிரி செல்சியஸ் தாண்டுனா உள்ள வரிசையா நின்ன பகுதிகள் எல்லாம் கலைஞ்சு போயிரும்.

பூமிக்குள்ள போகப்போக சூடு ஏறிட்டே போகுது, சில பத்து கிலோமீட்டர் ஆழத்துலயே அந்த சூடு வந்துருது. நடுவுல இருக்குற இரும்பு 4000, 5000 டிகிரியில இருக்கு. அங்க நிரந்தரக் காந்தம்னு ஒண்ணு இருக்கவே முடியாது. இன்னொரு சாட்சியும் இருக்கு, லண்டன்ல 1580-ல முள்ளு உண்மையான வடக்குக்கு கிழக்கால 11 டிகிரி காட்டுச்சு, 1800-களோட ஆரம்பத்துல மேற்கால 24 டிகிரி, 2019-ல கிரீன்விச்ல ரெண்டு வடக்கும் ஒண்ணா சேந்துச்சு. கல்லுக்குள்ள உறைஞ்சு போன காந்தம் 240 வருஷத்துல 35 டிகிரி திரும்பாது. உள்ள ஏதோ ஓடிட்டே இருக்கணும்.

ஸ்டெப் 7: பூமிக்குள்ள ஓடுற டைனமோ

நம்ம காலுக்குக் கீழ 2,890 கிலோமீட்டர் போனா பாறை முடிஞ்சு உருகுன இரும்பு ஆரம்பிக்குது, நிக்கலும் கொஞ்சம் லேசான பொருட்களும் கலந்தது, அது 5,150 கிலோமீட்டர் வரைக்கும். அதுக்கும் கீழ நடுவுல கெட்டியான இரும்பு உருண்டை, அத 1936-ல டென்மார்க்க சேந்த இங்கெ லேமன்ங்கிற ஆய்வாளர் பூகம்ப அலைகள வச்சு கண்டுபிடிச்சாங்க. நமக்கு வேண்டிய வேலை நடக்குறது அந்த உருகுன அடுக்குல.

சைக்கிள் டைனமோவ நெனச்சுக்கோங்க, காந்தமும் கம்பியும் ஒண்ணுக்கொண்ணு நகர்ந்தா கம்பியில கரண்ட்டு வருது. அதே மாதிரி கரண்ட்டு ஓடுற எதைச் சுத்தியும் காந்தப்புலம் வருது. உருகுன இரும்பு கரண்ட்ட நல்லா கடத்தும். அது ஏற்கனவே இருக்குற ஒரு சின்ன காந்தப்புலத்துக்குள்ள நகர்ந்தா அதுக்குள்ள கரண்ட்டு வருது, அந்தக் கரண்ட்டு புதுசா ஒரு புலத்த உண்டாக்குது, ஓட்டம் சரியான மாதிரி முறுக்கி இருந்தா புதுப் புலம் பழைய புலத்தோட சேந்து அத பெருசாக்குது, பெருசானதும் இன்னும் அதிக கரண்ட்டு. சைக்கிள் டைனமோவுல உள்ள ஒரு நிரந்தரக் காந்தம் இருக்கு, பூமியில அது கிடையாது, தனக்கு வேண்டிய காந்தத்த தானே செஞ்சுக்குது. புலம் பெருசாகப் பெருசாக அதுவே இரும்போட ஓட்டத்த பிடிச்சு நிறுத்தப் பாக்கும், அதனால ஒரு அளவுல நின்னுரும். ஆரம்பத்துல ஒரு துளி புலம் இருந்தா போதும், சூரியனோடதே போதும்.

இரும்ப ஓட வைக்கிறது எதுன்னா சூடு வெளிய போறதுதான். அடியில சூடான இரும்பு மேல ஏறும், மேல ஆறுனது கீழ எறங்கும், கொதிக்கிற உலை மாதிரி. அதோட நடு உருண்டை கொஞ்சம் கொஞ்சமா உறைஞ்சு வளந்துட்டு இருக்கு, உறையுறப்போ லேசான பொருட்கள வெளிய தள்ளிடும், அதுங்க மிதந்து மேல போறதும் ஓட்டத்துக்கு பலம் குடுக்குது. வேகம் ரொம்ப இல்ல, செகண்டுக்கு அரை மில்லிமீட்டர் கிட்ட, எறும்பு கூட இத விட வேகம். ஆனா அகலம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்ங்கிறதால அதுவே போதும்.

பூமி தன்னைத்தானே சுத்துறது இதுல ரொம்ப முக்கியம். சுத்துறதால மேல ஏறுற இரும்பு நேரா ஏறாம திருகு மாதிரி முறுக்கி, பூமியோட அச்சுக்கு இணையான தூண் தூணா ஓடுது. அந்த முறுக்குதான் புதுப் புலத்த பழைய புலத்தோட சேக்குது, அதனாலதான் காந்த வடக்கும் அச்சோட வடக்கும் ஏறக்குறைய ஒரே பக்கம் இருக்கு. காம்பஸ் வடக்க காட்டுறதுக்கு அடிப்படைக் காரணமே பூமி சுத்துறதுதான், இத தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

இது வெறும் கணக்கு இல்ல, செஞ்சும் பாத்தாச்சு. 1999-ல லாட்வியாவோட ரீகாவுலயும் ஜெர்மனியோட கார்ல்ஸ்ரூவேயிலயும் உருகுன சோடியத்த குழாய்ங்களுக்குள்ள முறுக்கி முறுக்கி ஓட விட்டாங்க. வேகம் ஒரு அளவ தாண்டுனதும் புலம் தானா வளந்துச்சு, உள்ள எந்தக் காந்தமும் வைக்காமலே.

ஸ்டெப் 8: பழைய மேப்ப எடுத்தா தேதிய பாருங்க

ஓடிட்டே இருக்குற ஒண்ணு ஒரே எடத்துல நிக்காதுல்ல. ராஸ் பூத்தியாவுல பாத்த துருவம் இப்போ அங்க இல்ல, ஆர்க்டிக் கடல தாண்டி சைபீரியா பக்கமா போயிட்டு இருக்கு, 2000-க்கு அப்புறம் சில வருஷங்கள்ல வருஷத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல ஓடுச்சு, இப்ப கொஞ்சம் வேகம் கொறஞ்சிருக்கு. அதனால எந்த எடத்துல எவ்வளவு விலகல்னு கணக்கு சொல்ற, செல்லும் விமானமும் கப்பலும் பயன்படுத்துற உலக காந்த மாதிரிய 5 வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கிறாங்க, கடைசியா வந்தது 2025-க்கானது. மேப்புல அச்சடிச்ச விலகல் எண்ணு எந்த வருஷத்ததுன்னு பாக்காம பயன்படுத்தக் கூடாது.

சில சமயம் புலம் பலம் கொறஞ்சு, வடக்கும் தெற்கும் முழுசா மாறியே போயிரும். கடைசியா மாறுனது சுமார் 7,80,000 வருஷத்துக்கு முன்னாடி. அத எப்படி கண்டுபிடிச்சாங்கன்னா, அடுப்புல பழுத்த ஊசிக்கு நடந்ததோட தலைகீழ் கதைதான். எரிமலைக் குழம்பு ஆறுறப்போ அதுல இருக்குற இரும்புத் தாதுக்கள் அந்த நேரத்து பூமியோட புலத்த பாத்து வரிசையா நின்னு அப்படியே உறைஞ்சுருது, அதுக்கப்புறம் யார் திருப்புனாலும் திரும்பாது.

மகாராஷ்டிராவுல தக்காணப் பாறை அடுக்கு இருக்குல்ல, மும்பை புனே போற வழியில படிக்கட்டு மாதிரி கருப்பா தெரியுமே, அது சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி வந்த குழம்பு. அதுல பெரும்பகுதிக்குள்ள உறைஞ்சிருக்குற காந்தத் திசை இன்னிக்கு காம்பஸ் காட்டுறதுக்கு நேர் எதிரா, தெற்க பாத்து நிக்குது. அதோட சாய்வு கிட்டத்தட்ட 45 டிகிரி, அதே எடத்துல இன்னிக்கு முள்ளு 30-க்கும் கீழத்தான் சாயும். ஸ்டெப் 5-ல பாத்த மாதிரி சாய்வு நடுக்கோட்டுல பூஜ்யம், துருவத்துல 90, அதனால சாய்வு தெரிஞ்சா அந்தப் பாறை எந்த அட்சரேகையில உறைஞ்சதுன்னு கணக்கு போட்டுரலாம். கணக்கு போட்டா வர பதில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்க சுமார் 27 டிகிரி. அந்தக் குழம்பு ஆறுறப்போ அந்த எடம் இன்னிக்கு மடகாஸ்கர் இருக்குற அட்சரேகைக்கும் தெற்க இருந்திருக்கு.